30,000 பங்கா, 30 பங்கா? கேரட் விற்ற பணத்துக்கு மூன்று வழிகள்

கேத்தியில் இருக்கும் என் அக்கா மகனுக்கு இந்தப் போகத்தில் கேரட் கை கொடுத்தது. விதை, உரம், கூலி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி வாடகை எல்லாம் போக 60,000 ரூபாய் மிச்சம். அந்தப் பணத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்னூரில் என் வீட்டுக்கு வந்தான். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் பல வருஷம் கணக்கு எழுதியவன் நான். அதனால் குடும்பத்தில் யாருக்குப் பணம் வந்தாலும் முதலில் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள்.

அவன் கையில் ஏற்கெனவே ஒரு பங்கின் பெயர் இருந்தது. டெலிகிராம் குழுவில் யாரோ சொன்னது. விலை 2 ரூபாய்.

“மாமா, போன வருஷம் இது 6 ரூபாய். இப்போ ரெண்டு. இதுக்குக் கீழ எங்க போயிடப் போகுது? 30,000 ஷேர் வரும். திரும்ப ஆறுக்குப் போனாலே 1,80,000.”

நான் அவன் முன்னால் வேறு இரண்டு வழிகளையும் வைத்தேன். ஒன்று, ஒரு பங்கு 2,000 ரூபாய்க்கு விற்கும் ஒரு பம்பு உதிரிபாக நிறுவனம். 60,000க்கு 30 பங்குதான் வரும். இன்னொன்று, ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குகளை மொத்தமாக வாங்கி வைக்கும் நிஃப்டி 50 இன்டெக்ஸ் ஃபண்ட். மூன்றையும் ஒரே கேள்விகளால் அளந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். முதல் இரண்டு நிறுவனங்களின் பெயர் இங்கே வேண்டாம். பெயர் எழுதினால் இதையும் ஒரு ‘டிப்ஸ்’ ஆக்கிவிடுவார்கள்.

முதலில் விலை. மளிகைக் கடையில் 20 கிராம் டீத்தூள் பாக்கெட் 10 ரூபாய் என்றால், கிலோ 500 ரூபாய் ஆகிறது. பக்கத்திலேயே ஒரு கிலோ பொட்டலம் 300 ரூபாய்க்கு இருக்கும். 10 ரூபாய் பாக்கெட்டை யாரும் மலிவான தூள் என்று சொல்ல மாட்டார்கள், சின்னப் பாக்கெட் என்பார்கள். பங்கும் அப்படித்தான். ஒரு பங்கின் விலை என்பது பாக்கெட்டின் விலை. நிறுவனத்தை எத்தனை பாக்கெட்டாகப் பிரித்திருக்கிறார்கள் என்று தெரியாமல் அந்த விலையை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

இரண்டு ரூபாய் நிறுவனத்துக்கு மொத்தம் 120 கோடி பங்குகள். ஆக, சந்தை அந்த நிறுவனம் முழுவதற்கும் வைத்திருக்கும் விலை 240 கோடி ரூபாய். அதன் கடைசி வருஷ லாபம் 40 லட்சம். பம்பு நிறுவனத்துக்கு 1 கோடி பங்குகள், ஆக முழு விலை 2,000 கோடி. லாபம் 100 கோடி. முதலாவதை வாங்குபவர் ஒரு வருஷ லாபத்தைப் போல 600 மடங்கு கொடுக்கிறார், இரண்டாவதை வாங்குபவர் 20 மடங்கு.

மடங்குக் கணக்கு அவனுக்குப் பிடிபடவில்லை. சரி என்று 60,000 ரூபாயை வைத்தே போட்டுக் காட்டினேன். 30 பம்பு பங்குகளுக்கு உரிய வருஷ லாபம் 3,000 ரூபாய். 30,000 இரண்டு ரூபாய்ப் பங்குகளுக்கு உரிய வருஷ லாபம் 100 ரூபாய். அதே 60,000. இதில் எது மலிவு?

அவன் கொஞ்ச நேரம் கால்குலேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பான்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. விலை குறைவாக இருப்பதால் அது சின்ன நிறுவனம் என்றும் இல்லை. வோடஃபோன் ஐடியா 10 ரூபாய்க்குக் கீழே விற்ற காலத்திலும் அதன் பங்குகள் ஆயிரக்கணக்கான கோடி. 2025 ஏப்ரலில் மத்திய அரசு தனக்கு வர வேண்டிய 36,950 கோடி ரூபாயைப் பங்குக்கு 10 ரூபாய் வீதம் பங்காக மாற்றிக்கொண்ட பிறகு அந்த எண்ணிக்கை 10,000 கோடியைத் தாண்டியது. அத்தனை பங்குகளை 7 ரூபாயால் பெருக்கினாலும் 70,000 கோடிக்கு மேல் வரும். “ஏழு ரூபாய் ஷேர் எழுபது ஆகும்” என்று பேசுபவர், அந்த நிறுவனம் 7 லட்சம் கோடி ஆகும் என்று சொல்கிறார். அப்படிச் சொல்லிப் பார்த்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

அடுத்து அவனுடைய முதல் வாதம்: ஆறு ரூபாயில் இருந்தது. இருந்ததுதான். ஆனால் எப்படி இருந்தது என்று மும்பைப் பங்குச் சந்தையான பிஎஸ்இயின் தளத்தில் அந்த நிறுவனத்தின் அறிவிப்புகளைப் பின்னோக்கிப் படித்தோம். மூன்று வருஷம் முன்பு அதற்கு 3 கோடி பங்குகள்தான், ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும் மதிப்பு, அதாவது முக மதிப்பு, 10 ரூபாய். பிறகு ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தார்கள், 30 கோடி ஆனது. ஒரு பங்குக்கு ஒரு பங்கு இலவசமாக, ஒன்றுக்கு ஒன்று போனஸ், 60 கோடி ஆனது. இந்த இரண்டிலும் நிறுவனத்துக்கு ஒரு பைசா வரவில்லை, பாக்கெட் மட்டும் சின்னதானது. அதன் பிறகு, நிறுவனத்தைத் தொடங்கி நடத்தும் புரமோட்டர் அல்லாத சிலருக்கு, தலா ஒரு ரூபாய் விலையில், முன்னுரிமை ஒதுக்கீடாக 60 கோடி புதுப் பங்குகள்.

இந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. முக மதிப்புக்குக் கீழே புதுப் பங்கு வெளியிடக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அதனால்தான் பலர் முதலில் முக மதிப்பை ஒரு ரூபாய்க்கு இறக்கி வைத்துக்கொள்கிறார்கள். அப்படி வாங்கியவர்கள் உடனே விற்க முடியாது. புரமோட்டர் அல்லாதவர்களுக்கு, பங்கு வர்த்தகத்துக்கு அனுமதிக்கப்பட்ட நாளிலிருந்து 6 மாதம் பூட்டு. அந்த 6 மாதம் முடியும் தேதியை நாமே எண்ணிவிடலாம். இந்தப் பங்குக்கு எண்ணிப் பார்த்தோம். டெலிகிராம் குழுவில் முதல் செய்தி வந்ததும் பூட்டு திறந்ததும் ஏறக்குறைய ஒரே வாரம்.

ஒரு ரூபாய்க்கு வாங்கியவர்கள் 60 கோடி பங்குகளை வைத்துக்கொண்டு வெளியே போகக் காத்திருக்கிறார்கள் என்றால், இரண்டு ரூபாய்க்கு வாங்க ஆட்கள் வேண்டும். கேத்தியில் கேரட் விற்ற பணத்தோடு இருக்கும் பையன் அந்த ஆட்களில் ஒருவன்.

இது என் கற்பனைச் சந்தேகம் மட்டும் இல்லை. 2022இல் சாத்னா பிராட்காஸ்ட் என்ற சிறு நிறுவனத்தின் பங்கைப் பற்றி யூடியூபில் பொய்யான வீடியோக்கள் வந்தன, பெரிய குழுமம் ஒன்று அதை வாங்கப் போகிறது என்று. மக்கள் வாங்கினார்கள், உள்ளே இருந்தவர்கள் விற்றார்கள். 2023 மார்ச்சில் சந்தையைக் கண்காணிக்கும் செபி இடைக்கால உத்தரவு போட்டு, சம்பந்தப்பட்டவர்களைச் சந்தையிலிருந்து தடை செய்தது. உத்தரவு வந்தது சரி. அதிக விலைக்கு வாங்கியவர்கள் கையில் அந்தப் பங்கு அப்படியே இருந்தது.

இப்படி ஏதும் நடக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய இடம் உண்டு. ஒவ்வொரு காலாண்டு முடிந்த 21 நாளுக்குள் நிறுவனங்கள் தங்கள் பங்குதாரர் பட்டியலின் பிரிவுகளைச் சந்தைக்குத் தர வேண்டும். அதில் புரமோட்டர் கையில் எத்தனை சதவீதம், சின்ன முதலீட்டாளர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு வரிகளை மட்டும் நான்கு காலாண்டுக்கு வரிசையாக எழுதிப் பாருங்கள். இரண்டு ரூபாய் நிறுவனத்தில் புரமோட்டர் பங்கு 54லிருந்து 19 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. சின்ன முதலீட்டாளர்கள் 4,000 பேரிலிருந்து 71,000 பேர் ஆகியிருந்தார்கள். நிறுவனத்தை நன்றாகத் தெரிந்தவர்கள் வெளியே போகிறார்கள், தெரியாதவர்கள் உள்ளே வருகிறார்கள். பம்பு நிறுவனத்தில் நான்கு காலாண்டும் புரமோட்டர் 61 சதவீதத்தில் அசையாமல் இருந்தார். அது மட்டுமே நல்ல நிறுவனம் என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் ஒரு பயம் குறைகிறது.

இனி அவனுடைய இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன்: இரண்டு ரூபாய்க்குக் கீழே எங்கே போகும்?

ஒரு ரூபாய்க்குப் போகும். அது 50 சதவீத நஷ்டம், 2,000 ரூபாய்ப் பங்கு 1,000க்குப் போவதைப் போலவே. அங்கிருந்து 50 பைசாவுக்குப் போகும். அது அன்றைய விலையில் வாங்கியவருக்கு இன்னொரு 50 சதவீதம். தரை என்று ஒன்று இல்லை. டிஎச்எஃப்எல் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனபோது பங்கு விலை ஏற்கெனவே தரைமட்டத்துக்கு வந்துவிட்டதாக நினைத்து வாங்கியவர்கள் ஏராளம். 2021 ஜூனில் அதை பிரமல் குழுமம் எடுத்துக்கொள்ள ஒப்புதல் கிடைத்தது என்றதும் விலை ஏறக்கூடச் செய்தது. ஆனால் அந்தத் திட்டத்திலேயே பங்குதாரர்களுக்கு மதிப்பு பூஜ்யம் என்று எழுதியிருந்தது. சில நாளில் வர்த்தகம் நிறுத்தப்பட்டது, பங்குகள் ரத்தாயின. கடன் கொடுத்தவர்களுக்குத் தந்த பிறகு மிஞ்சினால்தான் பங்குதாரருக்கு. அங்கே மிஞ்சவில்லை.

ஆனால் நஷ்டத்தின் அளவைவிட நான் அவனிடம் அதிக நேரம் பேசியது வெளியே வரும் வழியைப் பற்றி. பென்னி ஸ்டாக் எனப்படும் சில ரூபாய்ப் பங்கில் பணம் போட்டவர்கள் பெரும்பாலும் இதைக் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

சந்தையில் பெரும்பாலான பங்குகளுக்கு ஒரு நாளில் இவ்வளவுதான் ஏறலாம், இறங்கலாம் என்று எல்லை உண்டு. 2, 5, 10, 20 சதவீதம் என்று வைப்பார்கள். கண்காணிப்பில் இருக்கும் சிறு பங்குகளுக்கு 5 அல்லது 2 சதவீதம்தான். ஆப்பில் பங்கின் பெயருக்குப் பக்கத்தில் `GSM` அல்லது `ESM` என்று காட்டினால், சந்தையே அதன் மேல் ஒரு கண் வைத்திருக்கிறது என்று அர்த்தம். டிரேட்-டு-டிரேட் பிரிவில் இருந்தால் இன்று வாங்கியதை இன்றே விற்கவும் முடியாது, பங்கு டீமேட் கணக்குக்கு வந்து சேர வேண்டும்.

இந்த எல்லை நம்மைக் காப்பாற்ற வைத்தது என்று தோன்றும். ஒரு நாளைக்கு 5 சதவீதம்தானே போகும்! நடப்பது வேறு. எல்லோரும் விற்க வரும் நாளில் விலை காலையிலேயே கீழ் எல்லையைத் தொட்டுவிடும். அதற்குக் கீழே யாரும் விலை சொல்ல முடியாது, அந்த விலைக்கு வாங்கவும் யாரும் இல்லை. திரையில் வாங்குவோர் பக்கம் பூஜ்யம், விற்போர் பக்கம் 84 லட்சம் என்று நிற்கும். இதைத்தான் லோயர் சர்க்யூட் என்கிறார்கள். பர்லியாறு பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்டால் கேரட் லாரிகள் மேலே வரிசையில் நிற்குமே, அதுதான். மண்டியில் விலை இறங்கிக்கொண்டே இருக்கும், லாரி நகராது. ஒரே விலையில் பல ஆர்டர் இருந்தால் முதலில் போட்டதுதான் முதலில் நடக்கும் என்பது சந்தையின் விதி. லட்சக்கணக்கில் வைத்திருப்பவர் காலை முதல் நொடியிலேயே வரிசையில் நின்றுவிடுவார். மருந்து அடித்துவிட்டுப் பத்து மணிக்கு மொபைலைப் பார்ப்பவர் வரிசையின் கடைசி.

இரண்டு ரூபாயிலிருந்து தினமும் 5 சதவீத எல்லையில் இறங்கினால் எப்படிப் போகும் என்று பேப்பரில் எழுதினோம்: 1.90, 1.81, 1.72, 1.64, 1.56, 1.49, 1.42, 1.35, 1.29, 1.23. பத்து வேலை நாள், இரண்டு வாரம். இந்தப் பத்து நாளும் நீ விற்க ஆர்டர் போட்டிருப்பாய், ஒன்றும் விற்றிருக்காது. 60,000 ரூபாய் 36,900 ஆகியிருக்கும். கிட்டத்தட்ட 38 சதவீத நஷ்டம், அதுவும் பதினோராம் நாள் யாராவது வாங்கினால்.

“ஸ்டாப் லாஸ் போட்டா?” என்றான். நல்ல கேள்வி. ஸ்டாப் லாஸ் என்பது விலை ஓர் இடத்தைத் தொட்டதும் விற்பனை ஆர்டரைச் சந்தைக்கு அனுப்பும், அவ்வளவுதான். வாங்க ஆள் பிடித்துத் தராது. அது அனுப்பும் ஆர்டரும் அதே வரிசையின் வாலில் போய் நிற்கும்.

இங்கே இன்டெக்ஸ் ஃபண்டை எடுத்து ஒப்பிடலாம், ஏனென்றால் எண்கள் ஆச்சரியமாகப் பொருந்துகின்றன. 2020 ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் 23 வரை நிஃப்டியும் கிட்டத்தட்ட 38 சதவீதம் விழுந்தது. யாரும் அதை மறைக்க வேண்டாம், ஃபண்டிலும் பணம் குறையும், பயங்கரமாகக் குறையும். மார்ச் 13, மார்ச் 23 ஆகிய இரண்டு நாளும் சந்தை முழுவதையுமே 45 நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். ஆனால் அந்த 45 நிமிடம் முடிந்ததும் மறுபடி திறந்தது, வாங்க ஆள் இருந்தது. அந்த வீழ்ச்சியின் எந்த வேலை நாளிலும் ஃபண்டை விற்கச் சொல்லியிருந்தால் அன்றைய யூனிட் விலையான என்ஏவிக்குச் சில வேலை நாளில் பணம் வங்கிக் கணக்குக்கு வந்திருக்கும். விற்காமல் இருந்தவர்களுக்கு அந்த நவம்பரிலேயே நிஃப்டி பழைய உச்சத்தைத் தாண்டியது. இரண்டும் 38 சதவீதம்தான், ஆனால் ஒன்றில் கதவு திறந்திருந்தது.

(ஃபண்டிலும் இந்தச் சின்னப் பாக்கெட் மயக்கம் உண்டு. புது ஃபண்ட் 10 ரூபாய் யூனிட், பழையது 200 ரூபாய் யூனிட், அதனால் புதியது மலிவு என்று நம்பிப் போடுபவர்களைக் குன்னூரிலேயே எனக்குத் தெரியும். இரண்டும் அதே 50 நிறுவனங்களை வைத்திருந்தால் யூனிட் விலையில் ஒன்றும் இல்லை, ஃபண்ட் நடத்த வருஷத்துக்கு எடுத்துக்கொள்ளும் செலவு விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும்.)

பம்பு நிறுவனத்தின் நிலை இந்த இரண்டுக்கும் நடுவில். தினமும் சில ஆயிரம் பங்குகள் கை மாறுகின்றன. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி இரண்டு மூன்று ரூபாய், அதாவது 2,000த்தில் 0.15 சதவீதம் மாதிரி. 30 பங்கு விற்க ஒரு நிமிடம் போதும். இரண்டு ரூபாய்ப் பங்கில் நாங்கள் பார்த்த நேரத்தில் வாங்குவோர் 1.94, விற்போர் 2.00. பார்க்க ஆறு பைசாதான், ஆனால் 3 சதவீதம். 30,000 பங்கை வாங்கி அடுத்த நிமிடமே விற்க முடிந்தாலும் 1,800 ரூபாய் போயிருக்கும். இருந்தாலும் பம்பு நிறுவனமும் ஒரே நிறுவனம்தான். அதன் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விலகினால் 2,000 ரூபாய் 1,200 ஆகலாம். முழு 60,000த்தையும் அதில் போடச் சொல்ல எனக்கு மனம் இல்லை.

நியாயமாக ஒன்று சொல்லியாக வேண்டும். சில ரூபாய் விலையில் உண்மையான மலிவு இருந்ததே இல்லையா? இருந்தது. எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பங்கின் விலை 3.53 ரூபாயாக இருந்தது. 2024 அக்டோபர் 29 அன்று சந்தை அதற்குத் தனி ஏலம் நடத்தியது, விலை 2,36,250 ரூபாய் ஆனது. இதை அக்கா மகனும் கேட்டிருந்தான், எல்லாக் குழுவிலும் இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அந்தக் கதையின் மறுபாதியைச் சொல்வதில்லை. அந்த நிறுவனத்துக்கு மொத்தமே 2 லட்சம் பங்குகள். அதன் கையில் ஏசியன் பெயிண்ட்ஸ் பங்குகள் குவிந்து கிடந்தன. வைத்திருந்தவர்களுக்கு அது தெரியும், அதனால் 3.53க்கு யாருமே விற்கவில்லை. உண்மையில் மலிவாக இருந்த இடத்தில் விற்பவர் இல்லை. நம் இரண்டு ரூபாய்ப் பங்கிலோ 30,000 கேட்டால் ஒரு நொடியில் கொடுக்கிறார்கள். நல்ல கொழுந்தை யாராவது தெருத்தெருவாகக் கூவி விற்பார்களா?

நான் சொன்னது: கடன் ஏதும் இல்லை என்றால் அடுத்த விதைப்புக்குத் தேவையான பணத்தை வங்கியிலேயே வை, அது சந்தைக்கே வர வேண்டாம். மீதியில் பெரும்பகுதி இன்டெக்ஸ் ஃபண்டுக்கு. ஐந்தாறு வருஷம் தொட மாட்டாய் என்றால் மட்டும். ஒரு நிறுவனத்தைப் படித்துப் பழக ஆசை என்றால் பம்பு பங்கில் நான்கைந்து வாங்கி அதன் காலாண்டு முடிவுகளைப் படி. இரண்டு ரூபாய்ப் பங்கு வேண்டாம்.

அவன் விதைக்கு 20,000 ஒதுக்கினான், 30,000 ஃபண்டில் போட்டான், நான்கு பம்பு பங்குகள் வாங்கினான். இளவயசு, கை சும்மா இருக்குமா? மிச்சத்தில் 2,000 ரூபாய்க்கு அந்த இரண்டு ரூபாய்ப் பங்கிலும் ஆயிரம் வாங்கிவிட்டான். எனக்குச் சொல்லவில்லை, அக்கா சொல்லித்தான் தெரியும்.

போன வாரம் போன் செய்தான். விலை 1.49. ஆறு நாளாக விற்க ஆர்டர் போடுகிறான். நாள் முடிந்ததும் அது தானாக ரத்தாகிவிடுகிறது, மறுநாள் காலை கேரட் கழுவும் இடத்தில் நின்றுகொண்டு மறுபடி போடுகிறான்.

“இன்னைக்கு எனக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சு தெரியுமா மாமா? 62 லட்சம்.”

சந்தை திறந்து எத்தனை நிமிடம் கழித்துப் போட்டாய் என்று கேட்டேன்.

“நாலு நிமிஷம்.”